ஆசை ஏறும், விறைப்பு இறங்கும்

1867-இல் எடின்பரோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் தாமஸ் லாடர் பிரன்டன் என்ற 23 வயது டாக்டர் வேலை பார்த்தார். இரவானால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் நோயாளி ஒருவர் அவர் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தும் வலி நிற்கவில்லை. கொஞ்சம் ரத்தத்தை வெளியேற்றினால் மட்டும் சற்றுத் தணிந்தது. வலி வரும் நேரத்தில் நாடித் துடிப்பு இறுகிப் போவதை பிரன்டன் கவனித்திருந்தார். ரத்த அழுத்தம் குறைந்தால் வலியும் குறையும் என்று ஊகித்தார். அமைல் நைட்ரைட் என்ற திரவம் விலங்குகளின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் பலார் 1844-லேயே தயாரித்த பொருள் அது. சில சொட்டுகளைத் துணியில் விட்டு நோயாளியை முகரச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் முகம் சிவந்தது, வலி போய்விட்டது. அதே ஆண்டு ‘லான்செட்’ இதழில் அதைப் பற்றி எழுதினார்.

நூறு ஆண்டு கழித்து, அதே திரவமும் அதன் ரசாயனப் பங்காளிகளும் மேற்கத்திய நகரங்களின் இரவு விடுதிகளில் சிறு கண்ணாடிக் குப்பிகளில் கைமாறின. ‘பாப்பர்ஸ்’ என்று பெயர். தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களிடையே அதற்குத் தனி மவுசு இருந்தது. இன்றும் இருக்கிறது. காரணம் எளிது. முகர்ந்த சில நொடிகளில் உடம்பு சூடாகும், இதயம் படபடக்கும், தலை லேசாகக் கிறங்கும், கூச்சம் விலகும். ஆசனவாயின் உள் சுருக்குத் தசையும் தளரும். இவையெல்லாம் ஒன்றிரண்டு நிமிடம்தான்.

இந்த மருந்து ரத்தக் குழாயை விரிக்கிறது. விறைப்பு என்பதும் ரத்தக் குழாய் விரிந்து நடக்கிற காரியம்தான். அப்படியானால் பாப்பர்ஸ் முகர்ந்தால் விறைப்பு கூட வேண்டும் அல்லவா? பலருக்கு நடப்பது நேர்மாறு. இருந்த விறைப்பும் போய்விடுகிறது. ஏன் என்று புரிந்துகொண்டால், கஞ்சாவிலிருந்து எக்ஸ்டஸி வரை மற்றப் போதைகள் செய்வதும் புரியும். சில்டெனாஃபில் மாத்திரையோடு இது சேர்ந்தால் ஏன் ஆளையே சாய்க்கும் என்பதும் புரியும்.

விறைப்பு எப்படி வருகிறது

ஆண்குறிக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுத் திசுத் தண்டுகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் மென்தசை இருக்கிறது. சாதாரண நேரத்தில் இந்தத் தசை சுருங்கியே இருக்கும். சுருக்கி வைப்பது நார்அட்ரினலின். பயமோ பரபரப்போ வந்தால் உடம்பில் பெருகுகிற அதே பொருள். ஆகவே ஆண்குறி தளர்ந்திருப்பது சும்மா இருக்கும் நிலை அல்ல. நரம்புகள் இடைவிடாமல் பிடித்து வைத்திருக்கும் நிலை.

பாலுணர்வு எழும்போது இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்புகளின் நுனியில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அது மென்தசைச் செல்லுக்குள் நுழைந்து சுழல் ஜி.எம்.பி. என்ற சேதிப் பொருளைப் பெருக்குகிறது. சுழல் ஜி.எம்.பி. பெருகினால் தசை தளரும், தமனிகள் விரியும், பஞ்சுத் திசுவில் ரத்தம் நிரம்பும். திசு பருத்ததும், அதற்கும் மேலே போர்த்தியிருக்கும் கெட்டியான உறைக்கும் இடையில் சிரைகள் நசுங்குகின்றன. உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. முழு விறைப்பில் உள்ளே இருக்கும் அழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவை ஒட்டி இருக்கும். ஏறக்குறைய கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது வருகிற மேல் எண்ணுக்குப் பக்கம்.

எல்லாம் முடிந்ததும் பி.டி.இ.-5 என்ற நொதி சுழல் ஜி.எம்.பி.யைச் சிதைக்கிறது. தசை மறுபடி சுருங்குகிறது. இந்த நொதியைத் தடுப்பதுதான் வயாகரா என்ற பெயரில் உலகுக்குத் தெரிந்த சில்டெனாஃபிலின் வேலை. அது விறைப்பைத் தானாக உண்டாக்காது. நரம்பு நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால், அதனால் பிறந்த சுழல் ஜி.எம்.பி.யைச் சீக்கிரம் அழியவிடாமல் காக்கும், அவ்வளவுதான். ஆசையே எழாதவருக்கு அந்த மாத்திரையால் பிரயோசனம் இல்லை. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

பாப்பர்ஸ் ஏன் கைவிடுகிறது

அமைல் நைட்ரைட், ஐசோபியூட்டைல் நைட்ரைட், ஐசோபுரொப்பைல் நைட்ரைட் என்று குப்பிக்குக் குப்பி பொருள் மாறினாலும் செயல் ஒன்று. உடம்புக்குள் போனதும் நைட்ரிக் ஆக்சைடைத் தருகின்றன. விறைப்புக்கு நரம்பு சுரக்கும் அதே வாயுதான். வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. நரம்பு அதை ஓர் உறுப்பில் மட்டும் சுரக்கிறது. முகர்ந்த ஆவியோ நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, தலை முதல் கால் வரை எல்லா ரத்தக் குழாய்களையும் ஒரே நேரத்தில் விரிக்கிறது. தெருவில் எல்லார் வீட்டிலும் கீழ்த்தளக் குழாயைத் திறந்துவிட்டால் மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. அந்த மாதிரி, உடம்பு முழுக்க அழுத்தம் சரிந்தால் பஞ்சுத் திசுவை இறுக்கமாக நிரப்பும் அழுத்தம் எங்கிருந்து வரும்?

அடுத்த சில நொடிகளில் உடம்பு பதறிக்கொண்டு தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள் மூளைக்குத் தகவல் அனுப்ப, நார்அட்ரினலின் பெருகுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. முகர்ந்தவர் ‘கிளர்ச்சி’ என்று உணர்கிற படபடப்பில் பெரும் பங்கு இந்தப் பதற்றம்தான். விறைப்பைத் தளர்த்துவதும் இதே நார்அட்ரினலின்தான் என்பதை முன்பே பார்த்தோம். ஆக, அழுத்தமும் போச்சு, நரம்பும் எதிராகத் திரும்பியாச்சு. உடம்பு சூடேறி, மனம் மயங்கி, விறைப்பு மட்டும் விடைபெறுகிறது. நல்ல வேளையாக இது நிமிடக் கணக்கு. ஆவி வெளியேறியதும் அழுத்தம் திரும்பிவிடும்.

நிமிடக் கணக்கில் முடியாத பாதிப்புகளும் உண்டு. முதலாவது கண். ஐசோபுரொப்பைல் நைட்ரைட் வகைக் குப்பிகள் பரவிய பின், விழித்திரையின் நடுப்புள்ளி கெட்டு, நேராகப் பார்க்கும் இடம் மங்கலாகவோ மஞ்சள் பொட்டாகவோ தெரிகிற நோயாளிகள் ஐரோப்பியக் கண் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். பலருக்கு நிறுத்தியபின் சீராகிறது. எல்லாருக்கும் அல்ல.

இரண்டாவது ரத்தம். குப்பியை முகராமல் தவறிக் குடித்துவிட்டால், நைட்ரைட் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லெட் நிறத்தில் இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் கொடுத்தாலும் 85 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். மாற்று மருந்து மெத்திலீன் புளூ. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அந்த மருந்தே ரத்த அணுக்களை உடைக்கும் என்பதால் டாக்டருக்கு அது தெரிய வேண்டும்.

ஆசையைத் தூக்கும் மாத்திரைகள்

எக்ஸ்டஸி என்றும் மோலி என்றும் விற்கப்படும் எம்.டி.எம்.ஏ. வேறு வகை. ரத்தக் குழாயைவிட மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் செரட்டோனினை மொத்தமாகக் கொட்ட வைக்கும். கூடவே நார்அட்ரினலினும் வெளியாகும். ஆக்சிடோசினும் புரோலாக்டினும் ரத்தத்தில் உயரும். எதிரில் இருப்பவர் மேல் அளவுகடந்த நெருக்கம் பிறக்கும். தொடுதலே போதும் என்று தோன்றும். இதைக் காம வேட்கை என்று சொல்வதா, பாசம் என்று சொல்வதா என்று பயன்படுத்தியவர்களுக்கே குழப்பம் உண்டு.

இஸ்ரேலில் செமிஷ்லானி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான். எக்ஸ்டஸி பழக்கமுள்ள 20 ஆண்களையும் 15 பெண்களையும் கேட்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆசையும் திருப்தியும் கூடியதாகச் சொன்னார்கள். அதே ஆண்களில் 40 சதவீதத்தினருக்கு விறைப்பு குறைந்தது. 85 சதவீதத்தினருக்கு உச்சம் தள்ளிப் போனது. ஆனால் வந்தபோது தீவிரமாக இருந்ததாம். பேட்டி கொடுத்தவர்கள் நினைவிலிருந்து சொன்னவை என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும் நாம் முன்பு பார்த்த உடலியக்கத்தோடு அந்த விவரம் பொருந்துகிறது. செரட்டோனின் பெருகினால் உச்சம் தாமதமாகும். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளிலும் இதே குறை வரும். நார்அட்ரினலின் பெருகினால் பஞ்சுத் திசு சுருங்கும். புரோலாக்டின் என்பது ஆணுக்கு உச்சம் முடிந்த பிறகு உயர்கிற ஹார்மோன். ‘முடிந்தது’ என்று மனம் நிறைந்து விலகும் அந்த நிலையை எக்ஸ்டஸி முன்கூட்டியே கொண்டு வந்துவிடுகிறதோ என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

கிரிஸ்டல் மெத் எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின், கோக்கெய்ன், மெஃபெட்ரோன் போன்ற ஊக்கிகள் செய்வது வேறு. பாசத்தைவிட வேட்கையைத்தான் அவை பெருக்கும். டோபமின் வெள்ளமாகப் பாய்வதால் ஆசை மணிக்கணக்கில் தணியாது. தூக்கமும் பசியும் மறந்து போகும். உடம்போ உச்சக்கட்டப் பரபரப்பில் இருக்கிறது. நார்அட்ரினலின் பிடி இறுகியே இருக்கும். ஆண்குறி சுருங்கிக் குளிர்ந்து கிடக்கும். மெத் பயன்படுத்துகிற தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் இதற்கு ஆங்கிலத்தில் ‘கிரிஸ்டல் டிக்’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பார்ட்டியில் எல்லாருக்கும் தெரிந்த பட்டப்பெயர். ஆசை ஒரு பக்கம் கொழுந்துவிட்டு எரிய, உடம்பு ஒத்துழைக்காதபோது சிலர் ஆணுறையைக் கைவிடுகிறார்கள். அதை மாட்டும் அந்த நேரத்தில் இருக்கிற கொஞ்ச விறைப்பும் போய்விடுகிறது என்பதே காரணம்.

நார்அட்ரினலினின் பங்கை நம்பாதவர்கள் அவசரப் பிரிவில் ஒரு சிகிச்சையைப் பார்க்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வலியோடு விறைப்பு தளராமல் இருந்தால் அது ஆபத்து. உள்ளே தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து திசு அழுகத் தொடங்கும். அப்போது டாக்டர் அந்த ரத்தத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்டுக்குள்ளேயே ஃபினைலெஃப்ரின் செலுத்துவார். அது நார்அட்ரினலின் பொருந்தும் ஏற்பிகளிலேயே பொருந்தி, தசையைச் சுருக்கும் மருந்து. டாக்டர் ஓர் உறுப்பில் அளந்து செய்வதை மெத் உடம்பு முழுக்க அளவில்லாமல் செய்கிறது.

சனிக்கிழமை இரவில் ஒரு கணக்கு

தெற்கு லண்டனின் லாம்பெத், சதக், லூயிஷம் ஆகிய மூன்று பகுதிகளில், பாலுறவுக்காகவே போதைப் பொருள் எடுத்துக்கொள்ளும் ‘கெம்செக்ஸ்’ பழக்கத்தை ஆராய்ந்த குழு, 30 ஆண்களை விரிவாகப் பேட்டி கண்டு 2014-இல் அறிக்கை வெளியிட்டது. ஊக்கியும் விறைப்பு மாத்திரையும் ஒரே இரவில் ஒன்றாகப் பயன்படுவது இந்தச் சூழலில் சகஜம். ஒன்று ஆசையைத் தூக்குகிறது, மற்றது விறைப்பை மீட்கிறது. இடையில் பாப்பர்ஸும் வந்து சேரும். அந்த வரிசை எப்படி விபத்தாகிறது என்பதை ஒரு கற்பனை மனிதரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அவருக்கு 35 வயது. நல்ல ஆரோக்கியம். வழக்கமான ரத்த அழுத்தம் 125/80. இரவு பத்து மணிக்கு எக்ஸ்டஸி எடுக்கிறார். பதினொன்றரைக்கு நெருக்கம் பொங்குகிறது, விறைப்பு வரவில்லை. ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட ஏறியிருக்கிறது. ஆனால் அது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு நண்பர் கொடுத்த 100 மி.கி. சில்டெனாஃபிலை விழுங்குகிறார். அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அதன் அளவு ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அதனால் மட்டும் ரத்த அழுத்தம் இறங்குவது சுமார் எட்டு முதல் பத்து மி.மீ. அது பொறுக்கக்கூடியதுதான். விறைப்பும் வருகிறது.

ஒரு மணிக்கு யாரோ பாப்பர்ஸ் குப்பியை நீட்டுகிறார்கள். இரண்டு இழுப்பு. இந்த நொடியில் உள்ளே நடப்பதைக் கவனிக்க வேண்டும். நைட்ரைட் உடம்பெங்கும் சுழல் ஜி.எம்.பி.யைப் பெருக்குகிறது. வழக்கமாக நொதி உடனே சிதைத்து அடக்கிவிடும். இப்போது நொதி மாத்திரையால் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. உற்பத்தியும் கூடியது, அழிப்பும் நின்றது. ஒவ்வொன்றும் தனியே செய்கிற குறைப்பைக் கூட்டினால் வருவதைவிட அழுத்தம் பெரிதாகச் சரிகிறது. 125 என்றிருந்தது 80, 70 என்று விழுந்தால் மூளைக்கு ரத்தம் போதாது. கண் இருட்டும், காது அடைக்கும், வியர்க்கும், ஆள் சரிவார். இதயத் தமனியில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் அங்கே ரத்தம் பாயாமல் மாரடைப்பு வரும்.

சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் தப்பாகவே ஊகிப்பார்கள். மது அதிகமாகிவிட்டது, போதை தலைக்கேறிவிட்டது என்று நினைத்து அவரைச் சோபாவில் நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். நிமிர்த்தினால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். தரையில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வருகிற ஊழியரிடம் மாத்திரை, பாப்பர்ஸ் இரண்டின் பெயரையும் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி என்றால் நாக்கடியில் நைட்ரேட் தருவது அவர்களது வழக்கம். சில்டெனாஃபில் உள்ளே இருப்பது தெரியாவிட்டால் காப்பாற்ற வந்த மருந்தே இன்னொரு இழுப்பாகிவிடும்.

எத்தனை நேரம் காத்திருந்தால் ஆபத்து விலகும்? நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்திலுள்ள சில்டெனாஃபில் பாதியாகக் குறைகிறது. அதனால் 24 மணி நேரம் ஆவதற்குள் நைட்ரேட்டோ நைட்ரைட்டோ தொடக்கூடாது என்பது விதி. தடாலாஃபில் பாதியாகக் குறைய 17 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதற்கு 48 மணி நேரம். வெள்ளி இரவு போட்ட தடாலாஃபில் ஞாயிறு இரவு வரை ரத்தத்தில் நிற்கும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. சில்டெனாஃபிலைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அவை தடுப்பதால் மாத்திரையின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறும். ரிட்டோனவிர் எடுப்பவர் 48 மணி நேரத்தில் 25 மி.கி.க்கு மேல் போடக்கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

பாப்பர்ஸ் குப்பியைக் கண்ணால் பார்த்திராத நம் ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இதய நோயாளிகள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும், ஆசனவாய் வெடிப்புக்குத் தடவும் நைட்ரோகிளிசரின் களிம்பும் இதே குடும்பம்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிய விறைப்பு மாத்திரையும், நெஞ்சு வலிக்கென எழுதிக் கொடுத்த சார்பிட்ரேட்டும் ஒரே வீட்டில் இருந்தால், லண்டன் இரவின் கணக்கு இங்கும் ஓடும். கணவர் மாத்திரை போட்டதை மனைவியிடம்கூடச் சொல்லாதபோது, அவசரப் பிரிவில் யார் சொல்வார்கள்?

கஞ்சாவின் இரட்டை முகம்

கஞ்சாவைப் பற்றிய இரு கட்சி வாதம் நம் நாட்டில் பழையது. 1893-94-இல் இந்தியக் கஞ்சாக் கமிஷன் ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டபோது, இதைக் காமத்தைத் தூண்டப் பயன்படுத்துகிறார்களா என்றும், ஆண்மைக் குறைவை உண்டாக்குகிறதா என்றும் சேர்த்தே கேட்டது. துறவிகள் காமத்தை அடக்கவென்றே கஞ்சா புகைக்கிறார்கள் என்ற செய்தியும் அந்த அறிக்கையில் இருக்கிறது. ஒரே செடி இரண்டையும் எப்படிச் செய்யும்?

அளவு என்பது முதல் விடை. குறைந்த அளவில் டி.எச்.சி. பதற்றத்தைத் தணிக்கும், நேரத்தை நீட்டிக் காட்டும், தொடுதலை ஆழமாக உணர வைக்கும். அதிக அளவில் மனம் உள்நோக்கித் திரும்பும், பயம் வரும், தூக்கம் அழுத்தும். அருகில் இருப்பவர் நினைவிலேயே இருக்க மாட்டார். சாப்பிடும் வகையில் இந்த எல்லையைக் கண்டுகொள்வது கடினம். விளைவு தெரிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று இன்னொரு துண்டு சாப்பிட்டவருக்கு இரண்டும் ஒன்றாக ஏறும்.

விறைப்பைப் பற்றிய தடயம் எலிகளில் இருக்கிறது. டி.எச்.சி. பொருந்துகிற சி.பி.1 ஏற்பிகள், விறைப்புக்கான கட்டளை பிறக்கும் ஹைப்போதலாமசின் ஒரு கருவில் இருக்கின்றன. சார்தீனியாவின் காலியாரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த இடத்தில் ரிமோனபன்ட் என்ற மருந்தைச் செலுத்தி அந்த ஏற்பியைத் தடுத்தபோது எலிகளுக்கு விறைப்பு வந்தது. அதாவது அந்த ஏற்பி சாதாரணமாக விறைப்பைக் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கிறது. அதைத் தட்டிக் கொடுக்கும் கஞ்சா அடக்கத்தைக் கூட்டும் என்று எதிர்பார்க்கலாம். எலியில் உண்மையானது மனிதனில் அப்படியே நடக்க வேண்டும் என்பதில்லை.

மனிதர்களில் கிடைத்த விவரங்கள் கலவையானவை. 1974-இல் அமெரிக்காவில், தொடர்ந்து கஞ்சா புகைத்த 20 இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதாக கோலட்னி குழுவினர் எழுதினார்கள். அதே ஆண்டு, மருத்துவமனையில் தங்க வைத்துக் கண்காணித்த மெண்டல்சன் குழுவுக்கு அந்தக் குறைவு தெரியவில்லை. 8,656 ஆஸ்திரேலியர்களிடம் தொலைபேசியில் கேட்டு 2010-இல் வெளியான ஆய்வில், தினமும் கஞ்சா பயன்படுத்தும் ஆண்களுக்கு உச்சத்தில்தான் சிக்கல் கூடுதலாக இருந்தது. சிலருக்கு வருவதே இல்லை. சிலருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. சிலருக்குத் தாமதமானது. விறைப்புக் குறைவோடு தெளிவான தொடர்பு அதில் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் 2017 ஆய்வு 50,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களைப் பார்த்தது. தினமும் பயன்படுத்துபவர்கள் சராசரியாகக் கூடுதலாகவே உடலுறவு வைத்திருந்தார்கள். கஞ்சாவால் கூடியதா, கஞ்சா பிடிக்கிற குணமுள்ளவர்களுக்கு அதுவும் பிடிக்கிறதா என்பதை இந்த வகை ஆய்வு சொல்லாது.

நம் ஊரில் கஞ்சாவைப் பெரும்பாலும் சிகரெட்டுத் தூளோடும் பீடித் தூளோடும் கலந்தே புகைக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புகையிலை ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும். நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியாகும் இடங்களில் முக்கியமானது அந்தச் சுவர். ஆண்டுக்கணக்கில் புகைத்தவருக்கு விறைப்பு குறைந்தால், குறை கஞ்சாவிலா பீடியிலா என்று பிரித்துச் சொல்வது கடினம். மருத்துவர் கேட்கும்போது இரண்டையும் சொல்வதுதான் பயன்.

எதைக் கொண்டு பிரித்தறிவது

போதை இரவில் விறைப்பு போனால் ‘எனக்கு ஆண்மை போய்விட்டது’ என்று பயந்துபோகிறவர்கள் பலர். அதே பயம் அடுத்த முறை நார்அட்ரினலினைத் தூண்டி, போதை இல்லாமலே விறைப்பைக் கெடுக்கும். அதற்கு முன் ஓர் எளிய சோதனை உண்டு. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், தானாகவே விறைப்பு வந்து போகும். காலையில் எழும்போது சில நாட்களாவது விறைத்திருந்தால் ரத்தக் குழாயும் நரம்பும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். போதை இல்லாத வாரத்தில் காலை விறைப்பு திரும்பினால், அன்று இரவு கெடுத்தது போதைதான்.

மாதக்கணக்கில் காலையிலும் விறைப்பு இல்லை, போதை எதுவும் இல்லாத நாட்களிலும் இல்லை என்றால், விறைப்பு மாத்திரைக்கு முன் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்க்க வேண்டும். ஆண்குறித் தமனி இதயத் தமனியைவிடச் சிறியது. அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். இதய நோய்க்குச் சில ஆண்டு முன்பே விறைப்பு குறைவது உண்டு. அதைப் போதையின் மேல் போட்டுவிட்டு மாத்திரையால் மூடினால், எச்சரிக்கையையும் சேர்த்து மூடியதாகும்.

ஆசைக்குக் கேள்வி வேறு. எக்ஸ்டஸியோ மெத்தோ எடுத்த பிறகு சில நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல், ஆசையே இல்லாமல் இருப்பது வழக்கம். வாரங்கள் கடந்தும் அது நீடித்தாலோ, போதை இல்லாமல் நெருக்கமே முடியவில்லை என்றாலோ, அதற்கான இடம் சிறுநீரக மருத்துவரின் அறை அல்ல, மனநல மருத்துவரின் அறை. மருத்துவரிடம் போகும்போது நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போகலாம்: எந்தப் போதை, எவ்வளவு நாட்களுக்கு ஒரு முறை, காலை விறைப்பு இருக்கிறதா, கடைசியாக எந்த விறைப்பு மாத்திரையை எப்போது போட்டது. முதல் மூன்றும் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும். நான்காவது, நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவில் படுத்திருக்கும்போது எந்த மருந்தைத் தரக்கூடாது என்று சொல்லும்.